இன்ஸ்பெக்ஷன் பொண்ணுங்களுக்கு சம்பளம் அதிகம்னு எக்செல் சொல்லுது, எங்க தப்பு பண்ணேன்?

சேதராப்பட்டு_எச்ஆர்

வணக்கம். சேதராப்பட்டுல பாட்டில் மூடி போடுற கம்பெனில எச்ஆர் பாக்குறேன். மொத்தம் 74 பேரு, மருந்து கம்பெனிகளுக்குத்தான் பாதிக்கு மேல போகுது. இத்தன வருஷமா சம்பளம்னா எம்டி வாய்ல வந்ததுதான், யாரு வந்து சண்டை போட்டாங்களோ அவங்களுக்கு ஏறும். இப்ப பாயிண்ட் போட்டு வேலைய மதிப்பிட்டு ஒழுங்கா ஒரு சம்பள அமைப்பு கொண்டு வாங்கன்னு என்ட்ட குடுத்துட்டாங்க.

நாலு அம்சம் எடுத்தேன். திறமைக்கு 200, பொறுப்புக்கு 150, உடல் உழைப்புக்கு 75, வேலை சூழலுக்கு 75, மொத்தம் 500. ஆறு வேலைக்கு மார்க் போட்டு இப்ப வாங்குற சம்பளத்த பக்கத்துல வெச்சேன்:

லோடிங் ஹெல்ப்பர் 205, சம்பளம் 13,500
விஷுவல் இன்ஸ்பெக்ஷன் 170, சம்பளம் 12,800
ஸ்டோர்ஸ் 265, சம்பளம் 16,500
மெஷின் ஆபரேட்டர் 300, சம்பளம் 18,000
லேப் கெமிஸ்ட் 340, சம்பளம் 19,500
மோல்டு ஃபிட்டர் 440, சம்பளம் 31,000

எக்செல்ல கோடு போட்டா ஒரு பாயிண்டுக்கு 65 ரூபா வருது. அந்த கணக்குல இன்ஸ்பெக்ஷனுக்கு 10,950தான் வரணும், ஆனா 12,800 வாங்குறாங்க. ப்ரொடக்ஷன் மேனேஜர் உடனே "பாத்தீங்களா, அவங்களுக்கு 1,850 ரூபா அதிகமா குடுக்குறோம், ரெண்டு வருஷத்துக்கு இன்க்ரிமெண்ட் நிறுத்துங்க"ங்கறாரு. அங்க 16 பேரும் பொண்ணுங்க, நெறைய பேரு வில்லியனூர் பக்கத்துலருந்து பஸ் புடிச்சு வர்றவங்க. கணக்கு சரியாதான் இருக்கு ஆனா எனக்கு மனசு ஒத்துக்கல, ஏன்னு சொல்லவும் தெரியல. யாராவது பாத்து சொல்லுங்க.

லாஸ்பேட்டை_பாலா

நான் எம்பிஏ எச்ஆர் ஃபைனல் இயர். நீங்க எடுத்தது சரியான மெத்தட்தான். ரேங்கிங்ல எல்லாம் நம்ம அபிப்ராயம் கலந்துடும், பாயிண்ட் மெத்தட்ல அது கெடையாது, நம்பர் வந்துருச்சுன்னா அதுதான் ஆன்சர். மனசு ஒத்துக்கலங்கறதுக்காக மாத்துனீங்கன்னா நாளைக்கு எல்லாரும் வந்து மாத்த சொல்லுவாங்க. அதிகமா வாங்குறவங்கள ரெட் சர்க்கிள்னு வெச்சு, சம்பளத்த கொறைக்காம இன்க்ரிமெண்ட மட்டும் நிறுத்தி வெக்குறதுதான் வழக்கம்.

சிப்காட்_ராஜா

நானும் சம்பளம் பத்திதான் கேக்கணும்னு இருந்தேன், கடலூர் சிப்காட்ல வேலை. ஜூலைல சம்பளம் ஏத்தி 21,400 ஆக்குனாங்க, சந்தோஷப்பட்டேன், ஆகஸ்ட் சிலிப்புல பாத்தா ஈஎஸ்ஐ புடிக்கவே இல்ல, கேட்டா 21,000 தாண்டுனா கெடையாதுங்கறாங்க. வீட்டம்மா மாசமா இருக்காங்க. இந்த பாயிண்ட் எல்லாம் போட்டா இது மாறுமா?

பழைய_பர்சனல்_ஆபீசர்

ராஜா தம்பி, உங்களுது வேற விஷயம், ஆனா அவசரம், அதனால மொதல்ல அத சொல்லிடறேன். ஈஎஸ்ஐக்கு ஏப்ரல்லருந்து செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர்லருந்து மார்ச் ஒரு காலம். காலம் ஆரம்பிக்கும்போது நீங்க 21,000க்குள்ள இருந்துருந்தா நடுவுல தாண்டுனாலும் செப்டம்பர் முடியுற வரைக்கும் புடிச்சு கட்டியே ஆகணும், ஆகஸ்ட்ல நிறுத்துனது தப்பு. ஏப்ரல்-செப்டம்பர்ல கட்டுனதுக்கு பலன் அடுத்த ஜனவரிலருந்து ஜூன் வரைக்கும். வீட்டம்மாவுக்கு பிரசவம் எந்த மாசம்னு பாத்துக்குங்க, சிலிப்ப எடுத்துக்கிட்டு நாளைக்கே கம்பெனில எழுத்துல கேளுங்க.

இப்ப எச்ஆர் தம்பிக்கு வர்றேன். நான் புதுச்சேரில மில்லுல பர்சனல்ல இருந்து ரிட்டையர் ஆனவன், அப்புறம் சின்ன கம்பெனிகளுக்கு கிரேடு போட்டு குடுத்துருக்கேன். உங்க மனசு ஒத்துக்காததுக்கு ரெண்டு காரணம் இருக்கு, ஒண்ணு கோட்டுல, இன்னொண்ணு மார்க்குல.

மொதல்ல கோடு. ஆறு புள்ளில ஃபிட்டர் ஒருத்தர் மட்டும் தனியா மேல, கடைசி ஓரத்துல நிக்குறாரு. ஓரத்துல நிக்குற புள்ளி கோட்ட தன் பக்கம் தூக்கும், அது மேல தூக்குனா இந்த பக்கம் ஓரத்துல இருக்கறவங்களுக்கு கோடு கீழ எறங்கும், சீசா பலகை மாதிரி. அந்த பக்கம் ஓரத்துல இருக்கறது யாரு, இன்ஸ்பெக்ஷன். அவங்களுக்கு இவ்வளவு அதிகமா குடுக்கறீங்கன்னு தெரியறதே ஃபிட்டருக்கு 31,000 குடுக்கறதாலதான். உங்க லேப் கெமிஸ்ட பாருங்க, அதே கோட்டுல அவருக்கு 22,000 வரணும்னு காட்டும், 19,500தான் வாங்குறாரு. மேனேஜர் அத பத்தி பேசலையே?

ஃபிட்டர் சம்பளம் வேலையோட மதிப்பால வந்தது இல்ல, ஆள் கெடைக்காததால வந்தது. அதனால அவர கோடு போடறதுலருந்து எடுத்துருங்க. தகராறுல இருக்கற இன்ஸ்பெக்ஷனையும் எடுங்க, எந்த வேலைக்கு சம்பளம் சரியான்னு கேக்குறோமோ அந்த சம்பளத்தையே அளவுகோலா வெக்க கூடாது. மிச்ச நாலு வேலைய மட்டும் வெச்சு போட்டு பாருங்க. அந்த நாலும் 2லருந்து 5 வரைக்கும் உள்ள வரிசைல, பாயிண்ட் B காலம், சம்பளம் C காலம்னா:

```
=SLOPE(C2:C5,B2:B5)
=INTERCEPT(C2:C5,B2:B5)
```

சேதராப்பட்டு_எச்ஆர்

சார் போட்டு பாத்துட்டேன். பாயிண்டுக்கு 44.66, அடி 4,483. இன்ஸ்பெக்ஷனுக்கு 12,075 வருது. 1,850 அதிகம்னு இருந்தது 725 ஆயிடுச்சு. ஃபிட்டருக்கு 24,100தான் வருது.

மோல்டு_செல்வம்

அப்ப என் சம்பளத்துல 6,900 கம்மி பண்ண போறீங்களா? நான் ஃபிட்டர்தான், வேற கம்பெனி, மேட்டுப்பாளையம் எஸ்டேட்ல. ஒரு மோல்ட எறக்கி, கோர் பின்ன மாத்தி, திருப்பி ஏத்தி தண்ணி லைன் லீக் இல்லாம ஓட விட ஒரு ஃபிட்டர் உருவாக எத்தன வருஷம் ஆவுதுன்னு ஆபீஸ்ல ஒக்காந்து எக்செல் போடறவங்களுக்கு தெரியாது. சென்னைக்கு போனா இதவிட ஜாஸ்தி குடுக்க ஆளு இருக்கு.

பழைய_பர்சனல்_ஆபீசர்

செல்வம், ஒரு ரூபா கூட கொறைக்க கூடாது, நீங்க சொல்ற காரணத்தாலதான் அந்த 6,900ம் குடுக்கறாங்க. நான் சொல்றது, அத அடிப்படை சம்பளத்துக்குள்ள கலக்காம மார்க்கெட் அலவன்ஸ்னு தனி வரியா காட்டுங்கன்னு. ஏன்னா நாளைக்கு ஸ்டோர்ஸ்காரரு "ஃபிட்டருக்கும் எனக்கும் இவ்வளவு வித்தியாசமா"ன்னு கேட்டா வேலைக்கு எவ்வளவு, தட்டுப்பாட்டுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு காட்ட முடியும்.

மோல்டு_செல்வம்

தனி வரின்னா என்னைக்காவது எடுத்துருவாங்க சார். மார்க்கெட் மாறிடுச்சும்பாங்க. நான் ஒத்துக்க மாட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர்_கீதா

நான் ஒம்போது வருஷம் விஷுவல் இன்ஸ்பெக்ஷன்ல இருந்து இப்ப லைன் சூப்பர்வைசர், கடலூர்ல. அந்த 170 எப்படி வந்துச்சுன்னு பிரிச்சு போடுங்க தம்பி. அதுலதான் விஷயம் இருக்கு.

சேதராப்பட்டு_எச்ஆர்

திறமை 80, பொறுப்பு 60, உழைப்பு 15, சூழல் 15 மேடம். உழைப்புக்கு எத்தன கிலோ தூக்குறாங்கங்கறத வெச்சு அஞ்சு படி எழுதிருந்தேன். ஹெல்ப்பர் 25 கிலோ மூட்டை தூக்குறாரு, அதனால 75. இன்ஸ்பெக்ஷன்ல தூக்குறது எதுவும் இல்ல, ஏசி ரூம் வேற, அதான் ரெண்டுலயும் கடைசி படி.

திருப்பாதிரிப்புலியூர்_கீதா

அதான் பாத்தேன். நீங்க ஒரு நாள் அந்த லைட்டுக்கு முன்னாடி ஒக்காந்து பாருங்க. பெல்ட்டுல மூடி ஓடிக்கிட்டே இருக்கும், கரும்புள்ளி, ஃப்ளாஷ், ஷார்ட், ஓவல் எல்லாத்தையும் கண்ணு ஒரே நேரத்துல தேடணும், கையும் நிக்காது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல போனா தப்பு தெரியறதே கொறையும், கண்ணு பாக்கும் ஆனா மூளைக்கு போய் சேராது. சாயங்காலம் கழுத்த திருப்ப முடியாது. பஸ்ல பக்கத்துல யாரு ஒக்காந்துருக்காங்கன்னு கூட பாக்க தோணாம கண்ண மூடிக்கிட்டு வருவோம். இதுக்கு 75ல 15. பொறுப்பு 60 யாரு போட்டது? மருந்து கம்பெனிக்கு போற மூடிய கடைசியா பாக்குற ஆளு அவங்கதான், அதுக்கப்புறம் பெட்டி மூடிருவாங்க. சீல் நிக்காத மூடி ஒண்ணு போச்சுன்னா மொத்த லாட்டும் திரும்பி வரும்.

பொம்பளைங்க வேலைன்னா லேசான வேலைன்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் படி எழுதுறாங்க. சம வேலைக்கு சம கூலின்னு சட்டமே இருக்கே, கம்ப்ளைண்ட் குடுக்கலாமே?

பழைய_பர்சனல்_ஆபீசர்

கீதாம்மா சொன்னதுதான் நான் சொல்ல வந்த ரெண்டாவது காரணம், என்னவிட நல்லா சொல்லிட்டாங்க. சட்டம் மட்டும் இதுல அவ்வளவு நேரா உதவாது. பழைய 1976 சட்டமும் சரி, அதுக்கு பதிலா வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, அதே வேலை இல்லன்னா அதே மாதிரி வேலைக்குத்தான் பேசுது. ஒரே இன்ஸ்பெக்ஷன் டேபிள்ல ஆணுக்கு ஒரு சம்பளம் பொண்ணுக்கு ஒரு சம்பளம்னா சட்டம் புடிக்கும். மூட்டை தூக்குறதும் மூடி பாக்குறதும் வேற வேற வேலைன்னு கம்பெனி சொல்லும், எடுபடும். வேற வேற வேலைய ஒரே தராசுல நிறுத்தறதுக்குத்தான் இந்த பாயிண்டே இருக்கு. அந்த தராசு கோணலா இருந்தா சட்டம் வந்து நிமித்தாது.

பாலா தம்பி, பாயிண்ட்ல அபிப்ராயம் கெடையாதுன்னு சொன்னீங்க. அபிப்ராயம் போகல, ரெண்டு மாடி கீழ எறங்கி ஒளிஞ்சுக்கிச்சு, அவ்வளவுதான். எந்த அம்சம், அதுக்கு எவ்வளவு எடை, ஒவ்வொரு படிக்கும் என்ன வாசகம், எல்லாமே யாரோ ஒருத்தர் ஒக்காந்து முடிவு பண்ணது. உழைப்புன்னு தலைப்பு போட்டுட்டு கீழ கிலோ மட்டும் எழுதுனதும் ஒரு அபிப்ராயம்தான்.

செய்ய வேண்டியது இது. உழைப்புக்கான படிகள திருப்பி எழுதுங்க, தூக்குறதும் வரணும், கண்ணும் கவனமும் விடாம குடுக்கறதும் வரணும், ரெண்டுல எது அதிகமோ அந்த படி. எழுதுனப்புறம் நீங்க மட்டும் மார்க் போடாதீங்க. இன்ஸ்பெக்ஷன்லருந்து ஒருத்தங்க, ஒரு ஆபரேட்டர், ஸ்டோர்ஸ், மேனேஜர்னு அஞ்சு பேர ஒக்கார வெச்சு, ஒருத்தர் தாள ஒருத்தர் பாக்காம தனித்தனியா போட சொல்லுங்க. ஒரு படிக்கு மேல வித்தியாசம் வர்ற எடத்துல மட்டும் பேசுங்க. அப்ப பேர் சொல்லி பேச விடாதீங்க, "நம்ம முருகன் பதினெட்டு வருஷமா இருக்கான்"னு ஆரம்பிச்சா அது ஆளுக்கு மார்க், வேலைக்கு இல்ல. பதினெட்டு வருஷத்துக்கு கிரேடுக்குள்ள மேல ஏத்தி குடுக்கலாம், கிரேட மாத்த கூடாது.

சேதராப்பட்டு_எச்ஆர்

பத்து நாள் கழிச்சு வர்றேன். சார் சொன்ன மாதிரி கமிட்டி போட்டோம். இன்ஸ்பெக்ஷன் உழைப்பு 60 ஆச்சு, பொறுப்பு 105 ஆச்சு. பொறுப்புக்கு மேனேஜர் 60தான்னு நின்னாரு, போன வருஷம் திரும்பி வந்த லாட்டு பேப்பர லேப் கெமிஸ்ட் எடுத்து வெச்சப்புறம் எறங்கி வந்தாரு. மொத்தம் 260. மத்த வேலைங்க மார்க் மாறல. நாலு வேலை கோட்டுல 260க்கு 16,100 வருது. வாங்குறது 12,800. அதாவது அதிகம் இல்ல, 3,300 கம்மி.

எம்டி ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. 16 பேருக்கு மாசம் 52,800, பிஎஃப் ஈஎஸ்ஐ நம்ம பங்கு சேத்தா 60,000 பக்கம். ஒரே தடவைல முடியாது, மூணு தவணையா ஒன்றரை வருஷத்துல பண்ணலாம்னு சொல்லிருக்காரு.

லாஸ்பேட்டை_பாலா

நான் சொன்னது தப்புன்னு புரியுது. ஆனா ஒரு சந்தேகம் சார், இப்ப கமிட்டி மாத்துன மார்க்கும் அபிப்ராயம்தானே, இது சரின்னு எப்படி தெரியும்?

பழைய_பர்சனல்_ஆபீசர்

நல்ல கேள்வி. முழுசா தெரிய வழி கெடையாது, ஆனா ஒரு சோதனை இருக்கு. பாயிண்ட் எதையும் காட்டாம, வேலைங்கள ரெண்டு ரெண்டா எடுத்து "இதுல எது பெரிய வேலை"ன்னு வேற ஆளுங்கள கேளுங்க. இவங்க கம்பெனில 15 வேலை இருந்தா 105 ஜோடி வரும், ஒரு மதியத்துல முடிஞ்சிரும். அந்த வரிசையும் பாயிண்ட் வரிசையும் எங்கெங்க முட்டுதோ அங்க மட்டும் திரும்ப பாக்கணும். நீங்க லேசா நெனச்ச ரேங்கிங் இதுக்குத்தான் உதவும்.

சேதராப்பட்டு_எச்ஆர்

இன்னொண்ணு மாட்டிக்கிச்சு. ஆபரேட்டருக்கு ஆறு மாசமா இன்சென்டிவ் ஓடுது. ஷிப்டுக்கு 40,000 மூடி டார்கெட், அதுக்கு மேல ஆயிரத்துக்கு 12 ரூபா. 24 கேவிட்டி மோல்டு, ஒரு தடவைக்கு 24 மூடி விழும். இன்சென்டிவ் வந்தப்புறம் 45,000 போகுது, எல்லாருக்கும் சந்தோஷம். கமிட்டில இன்ஸ்பெக்ஷன் அக்கா ஒருத்தங்கதான் சொன்னாங்க, "அது வந்தப்புறம்தான் எங்களுக்கு ரிஜெக்ட் குமியுது"ன்னு. ரெக்கார்டு எடுத்து பாத்தா முன்னாடி 2 சதவீதம் இருந்த ரிஜெக்ட் இப்ப 7 சதவீதம்.

மோல்டு_செல்வம்

கூலிங் டைம கொறச்சிருப்பாங்க. சைக்கிள் என்ன, முன்னாடி 15 செகண்டா? இப்ப 13 கிட்ட ஓடும். மூடி சூட்டோட வெளிய வந்தா கீழ விழுந்து ஓவல் ஆவும். எங்க எடத்துலயும் இதேதான். மோல்டும் சீக்கிரம் அடி வாங்கும், அப்புறம் ஃபிட்டர ராத்திரி கூப்புடுவாங்க.

சேதராப்பட்டு_எச்ஆர்

அண்ணா கரெக்டு, 13.3ல ஓடுது, முன்னாடி 15.

பழைய_பர்சனல்_ஆபீசர்

கணக்கு பாருங்க. முன்னாடி 40,000ல நல்ல மூடி 39,200. இப்ப 45,000ல நல்லது 41,850. நீங்க காசு குடுக்கறது 5,000 மூடிக்கு, கெடைக்கறது 2,650. மிச்சத்த பொறுக்கி தள்ளற வேலை இன்ஸ்பெக்ஷன் மேல விழுது, அவங்களுக்கு இன்சென்டிவ் ஒரு பைசா கெடையாது.

நல்ல மூடிக்கு மட்டும் காசுன்னு மாத்தலாம், பாதி சரியாவும், ஆனா கூலிங்க தொடுற ஆசை போகாது. ஆபரேட்டர் கைல நெஜமா என்ன இருக்குன்னு யோசிங்க. சைக்கிள் டைம் அவர் கைல இருக்கவே கூடாது, ப்ராசஸ் ஆளு செட் பண்ணி பூட்டணும். 15 செகண்டுல எட்டு மணி நேரம் நிக்காம ஓடுனா 46,080 வரும், உங்களுக்கு வந்தது 40,000. அதாவது 13 சதவீதம், ஷிப்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல மெஷின் நின்னுருக்கு. ஹாப்பர் காலி, மூடி ஒட்டிக்கிட்டு அலாரம், டீக்கு மாத்தி விட ஆள் இல்ல, இதெல்லாம் ஆபரேட்டர் கைல இருக்கறது. நிக்குற நேரத்த 8 சதவீதத்துக்கு கொண்டு வந்தா 24 நிமிஷம் மிச்சம், 96 ஷாட்டு, 2,300 மூடி. ரிஜெக்ட் ஏறாம கிட்டத்தட்ட அதே லாபம். ஓடுன நேரத்துக்கு இன்சென்டிவ் குடுங்க. கரண்ட் போனது, மோல்டு மாத்துனது இதையெல்லாம் கணக்குலருந்து கழிச்சிருங்க, அவர் தப்பு இல்லாததுக்கு காசு போனா மூணு மாசத்துல யாரும் அந்த திட்டத்த நம்ப மாட்டாங்க.

லாஸ்பேட்டை_பாலா

மொத்த லைனுக்கும் ஒரே குடம்னு வெச்சு, பாஸ் ஆன மூடிக்கு ஏத்த மாதிரி ஆபரேட்டர், ஃபிட்டர், இன்ஸ்பெக்ஷன் எல்லாரும் பிரிச்சுக்கலாமே? எல்லாரும் ஒத்துழைப்பாங்க.

திருப்பாதிரிப்புலியூர்_கீதா

வேணாம் தம்பி. பாஸ் ஆனதுக்கு காசுன்னு வெச்சா, பாஸ் பண்றவ கையில காசு இருக்கு. மாசக் கடைசில ஆபரேட்டர் வந்து பக்கத்துல நிப்பாரு, "அக்கா இது லேசாதான ஓவல்"னு. நான் பட்டுருக்கேன். முடியாதுன்னு சொல்லி ஒரு வாரம் யாரும் என்ட்ட பேசல.

பழைய_பர்சனல்_ஆபீசர்

கீதாம்மா சொல்றது சரி. ஆபரேட்டரும் ஃபிட்டரும் ஒரே குடத்துல இருக்கலாம், மோல்டு மாத்துற நேரத்த வேணா ஃபிட்டருக்கு தனியா அளக்கலாம். இன்ஸ்பெக்ஷன் அதுல இருக்க கூடாது. அவங்களுக்கு குடுக்கணும்னா பாஸ் ஆன பெட்டிலருந்து ஷிப்டுக்கு 200 மூடி லேப் எடுத்து திரும்ப பாக்கட்டும், அதுல எத்தன தப்பு தப்பிச்சுதுன்னு வெச்சு குடுக்கலாம். சில எடத்துல தெரிஞ்சே பத்து கெட்ட மூடிய கலந்து விட்டு எத்தன புடிச்சாங்கன்னு எண்ணுவாங்க.

திருப்பாதிரிப்புலியூர்_கீதா

200 எடுத்து பாக்கட்டும், ஆனா தெரிஞ்சே கெட்டத கலக்குறது வேணாம் சார். வேலை செய்யறவங்கள பொறி வெச்சு புடிக்குற மாதிரி இருக்கும். நான் சொல்றது, காசுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஆள மாத்தி விடுங்க, பேக்கிங்ல நிக்கட்டும், அப்புறம் திரும்பி வரட்டும். அதுலயே பாதி தப்பு கொறையும்.

பழைய_பர்சனல்_ஆபீசர்

மாத்தி விடறது கண்டிப்பா செய்யணும். கலக்குறத பத்தி எனக்கு உங்க மாதிரி தோணல, முன்கூட்டியே சொல்லிட்டு, மார்க் கொறஞ்சா தண்டனை இல்லன்னு எழுதி குடுத்துட்டு செஞ்சா அது ஒரு அளவுகோல்தான். ஆனா நீங்க அந்த சீட்டுல ஒக்காந்தவங்க, நான் ஒக்காரல.

சிப்காட்_ராஜா

சார் எழுத்துல குடுத்தேன். செப்டம்பர் வரைக்கும் கட்டுறோம்னு சொல்லிட்டாங்க. பிரசவம் பிப்ரவரில. ரொம்ப நன்றி.

சேதராப்பட்டு_எச்ஆர்

சந்தோஷம் ராஜா. எங்க பக்கம், சைக்கிள் 15க்கு பூட்டியாச்சு, ஓடுன நேர இன்சென்டிவ் அடுத்த மாசத்துலருந்து. இப்ப வாங்கிட்டு இருக்குற இன்சென்டிவ் கொறையுமேன்னு ஆபரேட்டருங்க கேக்குறாங்க, மொத மூணு மாசத்துக்கு பழைய சராசரிக்கு கீழ போகாதுன்னு எழுதி கேட்டுருக்காங்க, எம்டி இன்னும் கையெழுத்து போடல. இன்ஸ்பெக்ஷன் மொத தவணை 1,100 இந்த மாச சிலிப்புல வருது. ரெண்டு மணி நேர மாத்தம் திங்கக்கெழமலருந்து ஆரம்பிச்சுட்டோம். கெட்ட மூடி கலக்குறது வேணுமா வேணாமான்னு அந்த 16 பேர்ட்டயே கேட்டேன், ஒம்போது பேரு வேணாம்னாங்க, ஏழு பேரு வெச்சு பாக்கலாம்னாங்க. அத அப்படியே நிறுத்தி வெச்சுருக்கேன்.

மோல்டு_செல்வம்

ஃபிட்டர் அலவன்ஸ தனி வரியாதான் போட்டீங்களா?

சேதராப்பட்டு_எச்ஆர்

இல்லண்ணா, எங்க ஃபிட்டரும் நீங்க சொன்னதையேதான் சொன்னாரு. அடிப்படைலயே விட்டுட்டோம். கிரேடு பேப்பர்ல மட்டும் பிரிச்சு எழுதிருக்கு. ஸ்டோர்ஸ்காரரு நேத்து வந்து கேட்டாரு, அத எடுத்து காட்டுனேன், படிச்சுட்டு போயிருக்காரு.